தொலைந்த செக்கை நிறுத்திய பிறகு

கரூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். திரைச்சீலையும் மேஜை விரிப்பும் தைத்து அனுப்பும் சிறிய யூனிட் நடத்துகிறவர். ஈரோட்டிலிருந்து பேருந்தில் திரும்பும்போது தோள்பையை மேல் பலகையில் வைத்தார், இறங்கும்போது மறந்துவிட்டார். டிப்போவில் கேட்டும் கிடைக்கவில்லை. பைக்குள் இரண்டு செக் இருந்தன. ஒன்று நூல் வியாபாரிக்கு எழுதியது: பெயர், தேதி, ₹68,400 என்ற தொகை எல்லாம் நிரப்பி, மேலே குறுக்குக்கோடு போட்டு ‘அக்கவுண்ட் பேயீ’ என்று எழுதியிருந்தார். மற்றொன்று லாரி வாடகைக்கு வைத்திருந்த லீஃப். கையெழுத்து மட்டும் போட்டிருந்தார், வேறு ஒன்றும் எழுதவில்லை.

அவர் கேட்பது இரண்டு. “ஸ்டாப் பேமெண்ட் கொடுத்துவிட்டால் போதுமா? அதையும் மீறி யாராவது செக்கை வங்கியில் போட்டால் என்ன ஆகும்?” கூடவே ஒரு பயமும் இருக்கிறது. செக்கை நிறுத்தினால் செக் பவுன்ஸ் கேஸ் வரும், அதனால் நிறுத்தாதே என்று நண்பர் ஒருவர் சொன்னாராம்.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. செக்கை நிறுத்தினாலும் வழக்கு வரக்கூடும், அதற்காக நிறுத்தாமல் இருப்பது அதைவிடப் பெரிய தவறு. ஸ்டாப் பேமெண்ட் என்பது நீங்கள் உங்கள் வங்கிக்குத் தரும் உத்தரவு, அவ்வளவுதான். அது பணத்தைப் பிடித்து வைக்கும். செக்கைக் கையில் வைத்திருப்பவர் ‘எனக்கு இவர் தர வேண்டும்’ என்று சொல்வதை அது தடுக்காது. அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லும் காகிதங்களைத் தொலைந்த அன்றே நீங்கள் சேர்க்கத் தொடங்க வேண்டும்.

முதலில், தொலைந்த இரண்டில் எது ஆபத்தானது என்று பார்ப்போம். தொகை பெரியதாக இருப்பதால் ₹68,400 செக்தான் பலருக்கும் தூக்கத்தைக் கெடுக்கும். உண்மையில் அது அடக்கமான செக். குறுக்குக்கோடு போட்டதால் கவுண்ட்டரில் யாருக்கும் பணமாகக் கொடுக்க முடியாது, ஒரு வங்கிக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். அதுவும் நூல் வியாபாரியின் பெயரிலுள்ள கணக்காக இருக்க வேண்டும். பெயரை அடித்துத் திருத்தினாலும் பயனில்லை, இன்றைய சி.டி.எஸ். கிளியரிங்கில் தேதியைப் புதுப்பிப்பதைத் தவிர வேறு எந்தத் திருத்தத்தையும் ஏற்பதில்லை. திருடியவர் அதே பெயரில் போலிக் கணக்கு திறந்தால்தான் பணம் எடுக்க முடியும். அப்படித் திறந்துகொடுத்து வசூலித்த வங்கி கவனக்குறைவாக நடந்திருந்தால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 131-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு அதற்குக் கிடைக்காது.

வெற்று லீஃப் அப்படியில்லை. அதில் பெயர், தொகை, தேதி மூன்றையும் எழுதுகிறவர் கண்டெடுத்தவர். ‘செல்ஃப்’ என்று எழுதிக் கவுண்ட்டரில் நீட்டலாம், ஒரு பெயரை எழுதிக் கணக்கிலும் போடலாம். கையெழுத்து உங்களுடையதே என்பதால் வங்கி அதிகாரி எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் சந்தேகம் வராது. இன்னொரு சிக்கலும் உண்டு. செக்கின் ஆயுள் மூன்று மாதம், 2012 ஏப்ரல் 1 முதல் இதுதான் விதி. அந்த மூன்று மாதம் செக்கில் எழுதிய தேதியிலிருந்து தொடங்கும். தேதியே எழுதாத லீஃபுக்கு எது தொடக்கம்? கண்டெடுத்தவர் அடுத்த வருடம் எடுத்து அன்றைய தேதியை எழுதினாலும் அது புதுச் செக். ஆகவே ‘மூன்று மாதம் ஆச்சு, இனி செல்லாது’ என்று நினைத்து அந்த லீஃபின் நிறுத்தத்தை ஒருநாளும் எடுக்காதீர்கள்.

இனி நிறுத்துவது எப்படி என்று பார்ப்போம். இதில் உயிர்நாடி செக் எண். செக்கின் அடியில் காந்த மையில் அச்சிட்ட வரியில் இடது ஓரம் இருக்கும் ஆறு இலக்கம் அது. வங்கிக் கணினி நிறுத்தத்தைப் பதிவு செய்வது கணக்கு எண்ணையும் இந்த ஆறு இலக்கத்தையும் வைத்துத்தான். கடிதத்தில் ‘நூல் வியாபாரிக்கு எழுதிய ₹68,400 செக்’ என்று எவ்வளவு விளக்கமாக எழுதினாலும் எண் தப்பானால் கணினி வேறொரு லீஃபைப் பூட்டிவிட்டுத் தொலைந்த லீஃபை விட்டுவிடும். இங்கிலாந்தில் வெஸ்ட்மின்ஸ்டர் வங்கிக்கு எதிராக ஹில்டன் என்பவர் தொடுத்த வழக்கை வங்கித் தேர்வு எழுதிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அவர் தந்தி கொடுத்து ஒரு செக்கை நிறுத்தச் சொன்னார். பெயரும் தொகையும் சரி, எண் மட்டும் தப்பு. வேறு எண்ணோடு அதே பெயருக்கு ஒரு செக் வந்தபோது, நிறுத்தியதற்குப் பதிலாக எழுதிய புதுச் செக் போலிருக்கிறது என்று வங்கி பணம் கொடுத்துவிட்டது. 1926-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பு வங்கிக்குச் சாதகமாக வந்தது. செக்கை அடையாளம் காட்டுவது எண், அதைத் தவறாகக் கொடுத்தது வாடிக்கையாளர் என்பதே அதன் சாரம்.

உங்கள் அடிக்கட்டையில் எண் எழுதியிருந்தால் சரி. எழுதவில்லையென்றால் பதற வேண்டாம். செக் புக்கின் முதல் பக்கத்தில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று அச்சிட்டிருக்கும். அந்த வரிசையில் கையில் மீதமுள்ள லீஃபுகளைக் கழியுங்கள், கணக்கு அறிக்கையில் ஏற்கெனவே பாஸ் ஆன எண்களையும் கழியுங்கள். மிச்சம் நிற்பவை இரண்டோ மூன்றோ இருக்கும். அவற்றில் எது யாரிடம் கொடுத்தது என்று தெரியாவிட்டால், யாருக்கும் கொடுக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தவற்றை எல்லாம் நிறுத்தலாம். ஆனால் ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்துவிட்ட செக்கும் அந்த வளையத்துக்குள் மாட்டினால் அவருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அதனால் கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது நல்லது.

உட்கார்ந்து என்றால் இரண்டு நாள் அல்ல, அரைமணி நேரம். முன்பெல்லாம் வெளியூரில் போட்ட செக் நம் கிளைக்கு வந்து சேர நாட்கள் ஆகும், ‘நாளை காலை வங்கிக்குப் போகலாம்’ என்று இருக்க முடிந்தது. இப்போது அந்த அவகாசம் போய்விட்டது. 2025 அக்டோபர் 4 முதல் கிளியரிங் தொடர்ச்சியாக நடக்கிறது. கிளைகளில் செக்கை ஸ்கேன் செய்து உடனுக்குடன் அனுப்புகிறார்கள். பணம் கொடுக்க வேண்டிய வங்கி அன்று மாலை 7 மணிக்குள் சம்மதமோ மறுப்போ சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் சம்மதித்ததாகவே கணக்கு. காலையில் போட்ட செக் அன்றைக்கே தீர்ந்துபோகும் காலம் இது. கவுண்ட்டரில் நீட்டப்படும் செக்குக்கு அந்த நேரமும் கிடையாது.

அதனால் முதல் வேலை, தொலைந்தது தெரிந்த நிமிடமே இணைய வங்கியிலோ கைபேசிச் செயலியிலோ நிறுத்தத்தைப் பதிவது. பெரும்பாலான செயலிகளில் செக் சேவைகளுக்குள் ‘Stop Cheque’ என்று ஒரு வசதி இருக்கும். எண்ணைப் போட்டால் நிறுத்தியதாகச் செய்தி வரும். அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், நேரமும் அதில் தெரிய வேண்டும். இணைய வசதி இல்லாதவர்கள் வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூப்பிடலாம். ஆனால் வாய்மொழியாகச் சொன்னதை எழுத்தில் உறுதிப்படுத்தச் சொல்லும் வங்கிகள் உண்டு. கட்டணம் வங்கிக்கு வங்கி வேறுபடும், செயலி வழியே என்றால் பல இடங்களில் குறைவு. இரண்டு லீஃபுக்கும் தனித்தனியே பதிந்தீர்களா என்று மறுபடி பாருங்கள். ஒன்றை நிறுத்தி மற்றொன்றை மறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வேலை, மறுநாள் கிளை திறந்ததும் எழுத்தில் ஒரு கடிதம். செயலியிலேயே நிறுத்தியாயிற்றே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். செயலி ‘எண்’ மட்டும் கேட்கும், காரணத்துக்கு ஒரு பட்டியலில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். எப்படித் தொலைந்தது, எந்த நிலையில் தொலைந்தது என்று சொல்ல அங்கே இடமில்லை. பின்னால் நீதிமன்றம் போக நேர்ந்தால் அந்தக் கதைதான் தேவைப்படும். கடிதம் இப்படி இருந்தால் போதும்:

“எனது நடப்புக் கணக்கில், இன்ன எண் கொண்ட காசோலை இன்ன தேதியிட்டு இன்னார் பெயருக்கு ₹68,400-க்கு நிரப்பிக் குறுக்குக்கோடிடப்பட்டது. இன்ன எண் கொண்ட மற்றொரு காசோலையில் என் கையொப்பம் மட்டும் உள்ளது, பெயர், தொகை, தேதி எதுவும் நிரப்பப்படவில்லை. இவ்விரண்டும் இன்ன நாள் மாலை ஈரோட்டிலிருந்து கரூர் வந்த பேருந்தில் பையோடு தொலைந்துவிட்டன. இவற்றை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. இவற்றுக்குப் பணம் தர வேண்டாம். இன்ன மணிக்கு இணைய வங்கி வழியே இதே கோரிக்கையைப் பதிந்துள்ளேன்.”

வெற்று லீஃப் வெற்றாகத்தான் இருந்தது என்பதை எழுதக் கூச்சப்படாதீர்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கை எடுத்துக்கொண்டு அலைந்தேன் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் இன்று ஒன்று, நாளை ஒன்று என்று சொல்வது அதைவிட மோசம். ‘யாருக்கும் கொடுக்கவில்லை’ என்ற வரியும் அலங்காரத்துக்கு இல்லை. வெற்றுச் செக்கில் கையெழுத்திட்டு மனமுவந்து ஒருவரிடம் கொடுத்துவிட்டால், மீதியை அவரே நிரப்பினாலும் அது செல்லும், கடன் இருக்கிறது என்றே சட்டம் அனுமானிக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது. கொடுத்ததற்கும் தொலைத்ததற்கும் உள்ள அந்த வித்தியாசத்தில்தான் உங்கள் வாதம் நிற்கும்.

கடிதத்தைக் கொடுத்தால் நகலில் முத்திரை, தேதி, நேரம், கையெழுத்து வாங்காமல் வெளியே வராதீர்கள். நான் வேலை பார்த்த ஒரு கிளையில் நடந்தது இது. வாடிக்கையாளர் ஒருவர் சாயங்காலம் கதவு சாத்தும் நேரத்தில் வந்து, நிறுத்தக் கடிதத்தை வாசலில் நின்ற காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனார். காவலாளி நல்ல மனுஷன், தபால் தட்டில் பத்திரமாக வைத்தார். மறுநாள் காலை 10.20-க்கு அந்தச் செக் கவுண்ட்டருக்கு வந்து பணம் போய்விட்டது. கடிதத்தை எழுத்தர் பிரித்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. நிறுத்த உத்தரவு வங்கியின் கவனத்துக்கு வந்த பிறகுதான் வங்கியைக் கட்டும். ‘நேற்றே கொடுத்தேன்’ என்று அவர் சொன்னதற்கு அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. கிளை மேலாளர் முகம் அன்று எப்படி இருந்தது என்று இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஏனென்றால் அந்த மேலாளர் நான்தான்.

காவல் நிலையத்தில் ஒரு புகாரும் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள். அவர்கள் பையைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள் என்பதற்காக இல்லை. செக் யார் கைக்கும் போய்ச் சேரும் முன்பே நீங்கள் தொலைந்ததைச் சொல்லிவிட்டீர்கள் என்பதற்கு, வங்கிக்கு வெளியே இருக்கும் ஒரு சாட்சி அது.

இன்னொன்று, பலரும் தலைகீழாகச் செய்வது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கணக்கிலிருந்து பணத்தையெல்லாம் வேறு கணக்குக்கு மாற்றுவார்கள். சிலர் கணக்கையே மூடுவார்கள். இரண்டும் உங்களுக்கே வினையாகும். காரணத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், நண்பரின் பயத்துக்கும் பதில் இதில்தான் இருக்கிறது.

செக் பவுன்ஸ் குற்றத்தைச் சொல்லும் 138-ஆம் பிரிவைப் படித்தால் ‘கணக்கில் போதிய பணம் இல்லாமல் திரும்பினால்’ என்றுதான் இருக்கும். அப்படியானால் ஸ்டாப் பேமெண்ட் கொடுத்துத் திருப்பினால் குற்றமில்லையே என்று ஒருகாலத்தில் தைரியமாகச் செய்தார்கள். 1998-இல் மோடி சிமெண்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாசலை அடைத்தது. நிறுத்த உத்தரவால் திரும்பிய செக்கும் 138-க்குள் வரலாம் என்றது. 2001-இல் எம்.எம்.டி.சி. வழக்கில் நேர்மையானவருக்கு ஒரு வழியும் காட்டியது: செக் வங்கிக்கு வந்த நாளில் கணக்கில் போதிய பணம் இருந்தது, நியாயமான காரணத்துக்காகவே நிறுத்தினேன் என்று காட்டினால் குற்றம் ஆகாது. காட்ட வேண்டிய பொறுப்பு செக் எழுதியவருடையது. இதில் முதல் பாதியை நிரூபிப்பது உங்கள் கணக்கு அறிக்கை. பணத்தைத் துடைத்து எடுத்துவிட்டால் அந்தப் பாதியை நீங்களே கிழித்துப் போட்டதாக ஆகும். கணக்கை மூடினாலும் தப்ப முடியாது, ‘கணக்கு மூடப்பட்டது’ என்று திரும்பும் செக்கும் 138-இல் வரும் என்று 1999-இலேயே தீர்ப்பாகிவிட்டது. வெற்று லீஃபில் எவ்வளவு தொகை எழுதுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதுதான். அதனால் வழக்கமாக வைத்திருக்கும் இருப்பைக் குறைக்காமல் வைத்திருங்கள், அது போதும்.

சரி, எல்லாம் செய்தாயிற்று. இருபது நாள் கழித்து யாரோ அந்த லீஃபில் ₹1,75,000 என்று எழுதி, ஒரு பெயரும் எழுதி, தன் வங்கியில் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வங்கிக் கணினி எண்ணைப் பார்த்ததும் திருப்பிவிடும். செக் போட்டவருக்கு ‘பேமெண்ட் ஸ்டாப்டு பை டிராயர்’ என்ற காரணத்தோடு ரிட்டர்ன் மெமோ போகும். உங்களுக்குக் கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி வரும்.

அந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்து ‘அப்பாடா, தப்பித்தோம்’ என்று மூடி வைத்துவிடாதீர்கள். இனிதான் உங்களுக்கு வேலை. அன்றே கிளைக்குப் போய், எந்த வங்கியின் எந்தக் கிளை வழியாக வந்தது, யார் பெயரில் எழுதப்பட்டிருந்தது என்று கேளுங்கள். செக் இப்போது காகிதமாகப் பயணிப்பதில்லை, அதன் படம்தான் உங்கள் வங்கிக்கு வந்திருக்கும். அந்தப் படத்தின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். உங்கள் கையெழுத்தும் வேறொருவர் எழுத்தில் நிரப்பிய தொகையும் பக்கம்பக்கமாக அதில் நிற்கும். அதை எடுத்துக்கொண்டு சி.எஸ்.ஆர். கொடுத்த அதே காவல் நிலையத்துக்குப் போங்கள். இப்போது உங்கள் புகாரில் ஒரு பெயர் இருக்கிறது. பொருளைக் கண்டெடுத்துத் தனதாக்கிக்கொண்டது, பொய்யாக நிரப்பி ஏமாற்றப் பார்த்தது என்று புகாரை விரித்து எழுதலாம்.

சட்டமும் கண்டெடுத்தவர் பக்கம் இல்லை. 58-ஆம் பிரிவின்படி, தொலைந்த செக்கைக் கண்டெடுத்தவரும் அவர் வழியாகப் பெற்றவரும் அந்தப் பணத்தைக் கோர முடியாது. உரிய மதிப்பைக் கொடுத்து, கோளாறு ஏதும் தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு மட்டும் விலக்கு. திருட்டு, மோசடி போன்ற குற்றத்தின் மூலம் செக் கைமாறியது என்று தெரிந்தால், தான் அப்படிப்பட்ட நல்லெண்ணக்காரர் என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில் விழும் என்று 118-ஆம் பிரிவு சொல்கிறது.

ஆனாலும் லாயர் நோட்டீஸ் வரலாம். மெமோ கிடைத்த 30 நாளுக்குள் அவர் அனுப்பலாம். நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்ததும் 15 நாள் கணக்கு ஓடத் தொடங்கும். அதற்குள் பணம் தரவில்லையென்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் புகார் போடலாம். முன்பின் தெரியாதவன் அனுப்பிய நோட்டீஸ்தானே என்று அலமாரிக்குள் போடுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்காகவே ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும்.

கர்நாடகத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு அது, வழக்கறிஞர்கள் ரங்கப்பா வழக்கு என்பார்கள். கைமாற்றாக வாங்கிய ₹45,000-க்காகக் கொடுத்த செக் என்றார் புகார்தாரர். செக் திரும்பிய காரணம், எழுதியவர் நிறுத்தியது. கையெழுத்திட்ட வெற்றுச் செக் தொலைந்துபோயிற்று, அதனால் நிறுத்தினேன் என்றார் மற்றவர். நம் கரூர் வாசகர் சொல்வதும் கிட்டத்தட்ட அதேதான். விசாரணை நீதிமன்றம் விடுதலை செய்தது, உயர் நீதிமன்றம் தண்டித்தது. 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. கையெழுத்து ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டால், சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் இருந்தது என்றே 139-ஆம் பிரிவின் கீழ் அனுமானிக்க வேண்டும், அதை உடைப்பது செக் எழுதியவர் வேலை என்றது. தொலைந்த கதையை நீதிமன்றம் நம்பவில்லை. நோட்டீஸுக்குப் பதில் அனுப்பாமல் விட்டதையும் அவருக்கு எதிராகவே எடுத்துக்கொண்டது. தொலைந்தது உண்மையாக இருந்தால் நோட்டீஸ் வந்த அன்றே அலறியிருக்க மாட்டாரா என்ற கேள்வி எந்த நீதிபதிக்கும் வரும்.

அதே தீர்ப்பில் ஒரு ஆறுதலும் உண்டு. அந்த அனுமானத்தை உடைக்க, குற்றத்தை நிரூபிக்கும் அளவுக்குச் சந்தேகமறக் காட்ட வேண்டியதில்லை. ‘இவர் சொல்வதுதான் நடந்திருக்கும் போலிருக்கிறது’ என்று தோன்றும் அளவுக்குக் காட்டினால் போதும். அதற்குத்தான் நேரத்தோடு கூடிய திரையின் படம், முத்திரையிட்ட கடித நகல், சி.எஸ்.ஆர். ரசீது, இருப்புக் காட்டும் அறிக்கை எல்லாம். நான்கிலும் ஒரே கதை இருக்க வேண்டும், முதல் மூன்றும் செக் வங்கிக்கு வருவதற்கு முந்தையவையாக இருக்க வேண்டும். நோட்டீஸுக்கான பதிலை வழக்கறிஞர் மூலம் 15 நாளுக்குள் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். இன்னாரை எனக்குத் தெரியாது, அவரோடு எந்த வரவுசெலவும் இல்லை, செக் இன்ன நாளில் தொலைந்தது, அன்றே இவற்றையெல்லாம் செய்தேன் என்று சொல்லி நகல்களை இணைத்துவிடுங்கள்.

இனி, நடக்கக்கூடாதது நடந்தால். முறையாக நிறுத்தியும் வங்கி பணத்தைக் கொடுத்துவிட்டால் என்ன? உங்கள் உத்தரவை மீறிக் கொடுத்த பணம் உங்கள் பணம் இல்லை, வங்கியின் பணம். கணக்கில் திரும்ப வரவு வைக்கச் சொல்லி எழுத்தில் புகார் கொடுங்கள், நிறுத்திய நேரத்தையும் பணம் போன நேரத்தையும் ஒரே வரியில் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியே போகலாம், கட்டணம் கிடையாது. நீங்கள் நிறுத்துவதற்கு முன்பே பணம் போயிருந்தால் நிலைமை வேறு. கையெழுத்து உண்மையானது, செக் ஒழுங்காக இருந்தது, வங்கி வழக்கமான கவனத்தோடு கொடுத்தது என்றால் நஷ்டம் பெரும்பாலும் உங்களுடையதே. கையெழுத்தே போலி என்றால் அது தனிக் கதை. போலிக் கையெழுத்துக்குப் பணம் கொடுக்க வங்கிக்கு அதிகாரமே இல்லை என்று கனரா வங்கி வழக்கில் 1987-இல் சொல்லப்பட்டிருக்கிறது.

நூல் வியாபாரியை மறந்துவிட வேண்டாம். செக் தொலைந்ததால் அவருக்குத் தர வேண்டிய ₹68,400 தொலைந்துவிடவில்லை. நிறுத்தம் பதிவானது உறுதியானதும் அவருக்கு வேறு செக்கோ, வங்கிப் பரிமாற்றமோ அனுப்புங்கள். கூடவே ஒரு கடிதம்: முந்தைய செக் இன்ன எண் என் கையிலிருந்தே தொலைந்தது, அதற்குப் பதிலாக இது, அது எப்போதாவது உங்களிடம் வந்தால் போட வேண்டாம் என்று. செக் அவரிடம் போய்ச் சேர்ந்த பிறகு அவர் தொலைத்திருந்தால், அவர் தம் வங்கியில் எவ்வளவு சொன்னாலும் நிறுத்த முடியாது, எழுதியவர் மட்டுமே நிறுத்த முடியும். அப்போது அவர் உங்களைத்தான் கேட்க வேண்டும். புதுச் செக் தரும் முன், பழையதால் நஷ்டம் வந்தால் நான் ஈடு செய்கிறேன் என்று அவரிடம் உறுதிப் பத்திரம் எழுதி வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஒருவேளை பை கிடைத்துவிட்டால்? நடத்துனர் எடுத்து வைத்திருந்தார் என்று டிப்போவிலிருந்து போன் வரவும் கூடும். அப்போதும் நிறுத்தத்தை எடுத்துவிட்டு அதே லீஃபை உபயோகிக்கப் பார்க்காதீர்கள். பையில் இருந்த இரண்டு லீஃபும் அப்படியே இருக்கின்றனவா என்று எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறுக்கே ‘ரத்து’ என்று பெரிதாக எழுதி, கையெழுத்தும் அடியில் உள்ள காந்த மை வரியும் கிழியும்படி கிழித்து, துண்டுகளை அடிக்கட்டையோடு சேர்த்து வையுங்கள். நிறுத்தம் அப்படியே இருக்கட்டும். லாரிக்காரருக்கு ஜிபே பண்ணிவிடுங்கள்.